மேகம் மறைத்தாலும் மோட்டார் நிற்பதில்லை... சோலார் பம்ப்செட்டின் ‘வேகக் கணக்கு’!

ஆடி மாதம் உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குப் போனால் வானத்தின் விளையாட்டைப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் சுள்ளென்று வெயில், அடுத்த ஐந்து நிமிடம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகத்தின் நிழல், மறுபடியும் வெயில். அந்தத் தோப்பில் சோலார் பேனலில் ஓடும் ஒரு போர்வெல் மோட்டார் இருந்தால், குழாயில் விழும் தண்ணீரைக் கவனியுங்கள். மேகம் வந்ததும் தண்ணீர் நின்றுவிடாது, மெலியும். மேகம் விலகியதும் பழையபடி பருக்கும். மோட்டார் திணறும் சத்தமோ, ‘டப்’பென்று ஸ்டார்ட்டர் விழும் சத்தமோ கேட்காது.

இதைச் சாத்தியமாக்குவது, பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவரில் தொங்கும் ஒரு பெட்டி. சிலர் கன்ட்ரோலர் என்பார்கள், சிலர் டிரைவ் என்பார்கள். அதன் முழுப்பெயர் வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ், சுருக்கமாக வி.எஃப்.டி. இந்தப் பெட்டியைப் புரிந்துகொண்டவர்களுக்கு சோலார் பம்ப்செட் நல்ல வேலைக்காரன். புரிந்துகொள்ளாதவர்களின் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: “மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, தண்ணியத்தான் காணோம்!”

கரன்ட்டில் ஓடும் மோட்டாருக்கு வெயில் ஏன் ஒத்துவராது?

தோட்டங்களில் இருக்கும் பெரும்பாலான போர்வெல் மோட்டார்கள் த்ரீ ஃபேஸ் ஏ.சி. மோட்டார்கள். நம் மின்வாரிய கரன்ட் திசை மாறி மாறி, ஒரு விநாடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக வருகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். மூன்று ஃபேஸும் சேர்ந்து மோட்டாருக்குள் ஒரு காந்தப்புலத்தைச் சுழற்றுகின்றன. போர்வெல் மோட்டாரில் அந்தப் புலம் விநாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். அதைத் துரத்திக்கொண்டே மோட்டாரின் அச்சு சுமார் 2,850 சுற்று சுற்றும்.

இதில் கவனிக்க வேண்டியது, மோட்டாரின் வேகத்தை மோட்டார் முடிவு செய்வதில்லை. வரும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ்தான் முடிவு செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அது முழு வேகத்தில்தான் ஓடப் பார்க்கும். ‘இன்று வெயில் கம்மி, கொஞ்சம் மெதுவாக ஓடுவோம்’ என்று தானாக விட்டுக்கொடுக்கத் தெரியாது.

பேனலோ இதற்கு நேர் எதிர். முதலில், அது கொடுப்பது டி.சி. மின்சாரம். இரண்டாவது, அதன் பலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மூன்றாவது, அதற்கு ஒரு கறாரான உச்சவரம்பு உண்டு. 330 வாட் பேனல்களை வரிசையாகக் கோத்தால், அந்த வரிசை எப்பேர்ப்பட்ட வெயிலிலும் சுமார் 9 ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. ஆனால், நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் தன் வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்து, ஆறு மடங்கை ஒரே மூச்சில் இழுக்கும். மின்வாரியக் கம்பியில் அது கிடைக்கும், பேனலில் கிடைக்காது. பேனலிலிருந்து வரும் டி.சி.யை வெறுமனே 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாக மாற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுதான் காரணம். மோட்டார் கிளம்பும்போதே வோல்ட்டேஜ் படுத்துவிடும். ஒருவேளை கிளம்பினாலும், முதல் மேகத்திலேயே நின்றுவிடும்.

ஊற்றுக்கு ஏற்றபடி இறைப்பது

டிரைவ் செய்யும் வேலையை, ஊற்றுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதோடு ஒப்பிடலாம். ஊற்று சுரக்கும் வேகத்தைவிட வேகமாக இறைத்தால் கிணறு வற்றிவிடும். மெதுவாக இறைத்தால், கிடைக்க வேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி கைக்கு வராது. சுரக்கும் அளவுக்குச் சரியாக இறைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சாரம் முதலில் டிரைவுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் சேர்கிறது. அதுதான் கிணறு. அந்த இடத்து வோல்ட்டேஜ்தான் நீர்மட்டம். மோட்டார் இழுப்பது பேனல் கொடுப்பதைவிட அதிகமானால், இந்த வோல்ட்டேஜ் உடனே இறங்கும். டிரைவ் அதைப் பார்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மோட்டாருக்கு அனுப்பும் ஹெர்ட்ஸைக் குறைக்கும். மோட்டார் வேகம் குறைந்ததும் அதன் பசியும் குறையும், வோல்ட்டேஜ் நிமிரும். வெயில் ஏறும்போது ஹெர்ட்ஸைச் சிறிது கூட்டிப் பார்க்கும். கூடுதல் சக்தி கிடைத்தால் இன்னும் கூட்டும், கிடைக்காவிட்டால் ஒரு படி இறங்கிக்கொள்ளும். இந்தக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் தேடல் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். டிரைவுக்கு வானத்தைப் பார்க்கும் கண் எதுவும் கிடையாது. மேகம் வந்ததை அது தெரிந்துகொள்வது இந்த வோல்ட்டேஜ் வழியாகத்தான்.

ஹெர்ட்ஸை டிரைவ் எப்படி மாற்றுகிறது? உள்ளே ஆறு மின்னணு சுவிட்சுகள் இருக்கின்றன. இவை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, டி.சி.யைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. துண்டுகளின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, மூன்று ஃபேஸ் ஏ.சி. போன்ற ஒன்றை உருவாக்குகின்றன. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 50, 37.5 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 37.5.

ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது டிரைவ் வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு 415 வோல்ட் என்றால், 40 ஹெர்ட்ஸுக்கு 332 வோல்ட். ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 8.3 வோல்ட் என்ற கணக்கு. ஹெர்ட்ஸை மட்டும் குறைத்து வோல்ட்டேஜை அப்படியே விட்டால், மோட்டாரின் இரும்புத் தகடுகள் தாங்கும் அளவைத் தாண்டி காந்தப்புலம் ஏறும், கரன்ட் தாறுமாறாகக் கூடும், காயில் சூடாகும். இரண்டும் சேர்ந்து இறங்குவதால்தான் மோட்டார் குறைந்த வேகத்திலும் சிரமமில்லாமல் ஓடுகிறது.

டிரைவ் மோட்டாரைக் கிளப்புவதும் இப்படித்தான். குறைந்த ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும். அதனால் ஐந்து மடங்கு ஆம்பியர் என்ற பிரச்னையே எழுவதில்லை.

பாதி வெயிலுக்கு முக்கால் வேகத்துக்கும் மேலே!

பம்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே அது கேட்கும் சக்தி மளமளவென்று சரியும். வேகம் பத்தில் எட்டு பங்காகக் குறைந்தால், தேவைப்படும் சக்தி சுமார் பாதியாகிவிடும். 0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது, வெயில் பாதியாகக் குறைந்தாலும் மோட்டார் 40 ஹெர்ட்ஸில் ஓட முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இதே கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. வேகம் குறையும்போது, தண்ணீரை மேலே தள்ளும் உயரமும் குறையும். வேகம் பத்தில் எட்டு பங்கானால், உயரம் 0.8 × 0.8, அதாவது நூற்றுக்கு 64 பங்காகிவிடும். கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் இருந்தால், மோட்டார் சுற்றும். தண்ணீர் பாதிக் குழாய் வரை வந்து அங்கேயே நிற்கும். ‘சத்தம் கேக்குது, தண்ணியக் காணோம்’ என்ற புலம்பலுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஒரு 5 எச்.பி. போர்வெல்லின் ஒரு நாள்

கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஒரு தோப்பில் 5 எச்.பி. போர்வெல் மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடும்போது தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 60 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 200 அடியில் இருக்கிறது. பம்ப், முழு வேகத்தில் வால்வை மூடிய நிலையில், அதிகபட்சம் 100 மீட்டர் உயரம் தள்ளக்கூடியது. வால்வு திறந்து 50 ஹெர்ட்ஸில் ஓடினால், குழாயின் உராய்வு போக நிமிடத்துக்கு 175 லிட்டர் கொடுக்கும். மோட்டார் அப்போது சுமார் 4.9 கிலோவாட் இழுக்கும். 330 வாட் பேனல்கள் 16, ஒரே வரிசையில். மொத்தம் 5,280 வாட்.

காலை ஏழு மணி. பேனல் வரிசை 700 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ‘அதான் வோல்ட்டேஜ் வந்துடுச்சே’ என்று தோன்றும். ஆனால், இளவெயிலில் வோல்ட்டேஜ் இருக்கும், வலு இருக்காது. டிரைவ் மோட்டாரைக் கிளப்பிப் பார்க்கும். 30 ஹெர்ட்ஸைத் தாண்டுவதற்குள் வோல்ட்டேஜ் சரியும். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

இந்தப் பம்ப் 60 மீட்டரை எட்ட குறைந்தபட்சம் 39 ஹெர்ட்ஸ் வேண்டும். ஒன்பது மணி வாக்கில் 40 ஹெர்ட்ஸ் வரும்போதுதான் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அதுவும் நிமிடத்துக்கு 55 லிட்டர் அளவுக்குத்தான். பத்து மணிக்கு 45 ஹெர்ட்ஸ். வேகத்தில் ஐந்து ஹெர்ட்ஸ்தான் கூடியிருக்கிறது. தண்ணீரோ இரண்டு மடங்குக்கும் மேலே, சுமார் 125 லிட்டர்!

உச்சி வேளையில் 50 ஹெர்ட்ஸ் தொட வேண்டும் அல்லவா? பெரும்பாலும் தொடாது. பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், பேனல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது கிடைப்பது. நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவிகிதம் சக்தி குறையும். தூசி, கம்பி இழப்பு எல்லாம் போக, 5,280 வாட்டில் 4,300 வாட் அளவுக்குத்தான் கைக்கு வரும். டிரைவின் திரையில் 48 Hz என்று தெரியும். இது கோளாறு அல்ல. தண்ணீர் சுமார் 155 லிட்டர்.

மதியம் ஒரு மேகம். ஹெர்ட்ஸ் 48-லிருந்து 41-க்கு இறங்கும். தண்ணீர் மெலியும், நிற்காது. அடர்ந்த கருமேகமாக இருந்தால் 39-க்கும் கீழே போய், தண்ணீர் நின்றுவிடும். மூன்றரை மணிக்குப் பிறகு சாய்வெயிலில் அன்றைய இறைப்பு முடியும். ஆக, ‘காலை ஆறு முதல் மாலை ஆறு வரை தண்ணீர்’ என்ற பேச்சு இந்தக் கிணற்றுக்குப் பொருந்தாது. ஆறரை மணி நேரம் என்பதே நியாயமான கணக்கு.

இதே பேனல்களுக்கு, அதே எச்.பி.யில், 130 மீட்டர் வரை தள்ளக்கூடிய, ஆனால் சற்றுக் குறைவாக இறைக்கும் பம்பைப் போட்டிருந்தால், 34 ஹெர்ட்ஸிலேயே தண்ணீர் வந்திருக்கும். உச்சி வேளையில் கொஞ்சம் குறையும். காலையிலும் மாலையிலும் மேக நேரத்திலும் கூடும். பம்ப் வாங்கும்போது எச்.பி.யை மட்டும் பார்க்காமல், ‘இது அதிகபட்சம் எத்தனை மீட்டர் தள்ளும்?’ என்று கேட்க வேண்டியது இதனால்தான். பத்து மீட்டர் ஆழமுள்ள திறந்தவெளிக் கிணற்றில் இந்தத் தொல்லை வெகு குறைவு. அங்கே மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் தண்ணீர் மேலே வந்துவிடும்.

தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டார்

தண்ணீர் மேலே வராவிட்டால் என்ன, வெயில் ஏறியதும் வரப்போகிறதே என்று விட்டுவிடக் கூடாது. போர்வெல் மோட்டாரைக் குளிர்விப்பது, அதன் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர்தான். பம்புக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறாமல் அங்கேயே கடையப்பட்டால் சூடாகும், மோட்டாரும் சூடாகும். போதாததற்கு, மோட்டாரின் அடியில் பளுவைத் தாங்கும் பேரிங், வேகமாகச் சுற்றும்போது உருவாகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் மிதக்கிறது. வேகம் மிகவும் குறைந்தால் அந்தப் படலம் அறுந்து, பேரிங் தேயும். நீர்மூழ்கி மோட்டார்களை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

இதற்கான தீர்வு டிரைவிலேயே இருக்கிறது. ‘இந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் நிறுத்திவிடு’ என்று குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யலாம். அந்த அளவைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வெயில் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் குழாய் வாய்க்கு ஒருவர், டிரைவின் திரைக்கு ஒருவர் நின்றால் போதும். தண்ணீர் விழ ஆரம்பிக்கும்போது திரையில் தெரியும் ஹெர்ட்ஸைக் குறித்துக்கொண்டு, அதைவிட ஒன்றோ இரண்டோ கூட்டி, பம்ப் பொருத்தியவரிடம் பதிவு செய்யச் சொல்லலாம். நம் கணக்குத் தோப்பில் அது 40. கோடையில் நீர்மட்டம் கீழே போனால் இந்த அளவும் ஏறும். மறுபடி பார்த்து மாற்ற வேண்டும்.

இதோடு, நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும் என்ற அளவும் உண்டு. அதைச் சில நிமிடங்களாக வைத்தால், மேகமூட்டமான நாளில் மோட்டார் நின்று நின்று கிளம்பித் தேயாது.

கிணறே வற்றி, தண்ணீர் இல்லாமல் ஓடுவது வேறு பிரச்னை. டிரைவ் இதையும் கண்டுபிடிக்கும். 45 ஹெர்ட்ஸில் வழக்கமாக இழுக்கும் ஆம்பியரைவிட மிகக் குறைவாக இழுத்தால், பம்ப் வெறுமனே சுற்றுகிறது என்று அர்த்தம். ‘டிரை ரன்’ பாதுகாப்பு என்ற இந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய மோட்டாருக்கு டிரைவ் வைக்கிறீர்களா?

அரசு மானியத் திட்டத்தில் வரும் 5 எச்.பி. செட்டில் பேனல், டிரைவ், மோட்டார் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக, 4,800 வாட் பேனலோடு வரும். மின்வாரிய இணைப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குத் தனியாக பேனலும் டிரைவும் வாங்கி வைப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பேனல் எண்ணிக்கை. 415 வோல்ட் ஏ.சி. முழுமையாகக் கிடைக்க டி.சி. பக்கம் சுமார் 590 வோல்ட் வேண்டும். லோடில் 37.5 வோல்ட் கொடுக்கும் பேனல்கள் 16 கோத்தால் 600 வோல்ட் வரும். 12 மட்டும் கோத்தால் 450 வோல்ட்தான்; எவ்வளவு வெயில் அடித்தாலும் மோட்டாருக்கு உரிய வோல்ட்டேஜ் கிடைக்காது. ‘இரண்டு கூட இருக்கட்டும்’ என்று 18 கோப்பதும் ஆபத்து. லோடு இல்லாதபோது ஒவ்வொரு பேனலும் 46 வோல்ட் வரை காட்டும். 18 பேனலுக்கு 828 வோல்ட். பல டிரைவ்களின் உச்சவரம்பு 800 வோல்ட். மார்கழிக் குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் இன்னும் ஏறும் என்பதால், ஒரு குளிர்ந்த காலை நேரமே டிரைவைக் காவு வாங்கப் போதும்.

இரண்டாவது, கேபிள். டிரைவ் அனுப்புவது வழவழப்பான அலை அல்ல, நறுக்கிய துடிப்புகள். நீளமான போர்வெல் கேபிளில் இந்தத் துடிப்புகள் மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது, அந்த இடத்தில் வோல்ட்டேஜ் இரு மடங்கு வரை எகிறலாம். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டாரின் இன்சுலேஷன் இதைத் தாங்காது. நூறு மீட்டர் போன்ற நீளத்துக்கு, டிரைவின் வெளிப்பக்கத்தில் அதற்கான ஃபில்டர் வைத்துக்கொண்டால் காயில் பிழைக்கும்.

மூன்றாவது, இணைப்பு. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெபாசிட்டர் இருக்கவே கூடாது. மின்வாரிய கரன்ட்டும் சோலாரும் இரண்டும் வேண்டுமென்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மோட்டாரோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். டிரைவின் வெளிப்பக்க முனைகளில் மின்வாரிய கரன்ட் ஏறினால், அந்த ஆறு சுவிட்சுகளும் அந்த நொடியே எரிந்துபோகும்.

புதிதாக இணைத்த அன்று, 48 ஹெர்ட்ஸ் காட்டியும் தண்ணீர் சொற்பமாக வந்தால் பதற வேண்டாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். டிரைவை நிறுத்தி, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

ஆனால், இந்த வேலையைத் தெரிந்த எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் 600 வோல்ட் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். டிரைவின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ, அவ்வளவு நேரம் கழித்துத்தான் மூடியைத் திறக்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கம்பிகளின் இணைப்பைப் பிடுங்குவது அதைவிட ஆபத்து. டி.சி. மின்சாரத்தில் கிளம்பும் தீப்பொறி ஏ.சி.யில் போல அணைந்துவிடாது, நீண்டு எரியும்.

தொட்டிதான் பேட்டரி

இத்தனை செய்தாலும் குழாயில் வரும் தண்ணீர் ஒரே சீராக வராது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரே அழுத்தம் தேவை. நிமிடத்துக்கு 155 லிட்டர் வரும்போது திறந்துவிட்ட வால்வுகளுக்கு, மேகத்தில் 55 லிட்டர் வரும்போது கடைசி வரிசை மரங்கள் வரை அழுத்தம் போய்ச் சேராது. சோலார் பம்பை நேராகச் சொட்டுநீரில் இணைத்தவர்களின் தோப்பில் கடைசி வரிசை வாடுவது இதனால்தான். பகல் முழுக்க வருவதை மேட்டில் ஒரு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து பாசனத்துக்கு விட்டால் ஏற்ற இறக்கமெல்லாம் தொட்டியோடு போய்விடும். டிரைவின் வேலை, கிடைக்கிற வெயிலைத் தண்ணீராக மாற்றி மேலே கொண்டுவந்து சேர்ப்பது வரைதான். அதைச் சீராகப் பயிருக்குக் கொடுப்பது தொட்டியின் வேலை.